ஒரு படி இறங்கியது ஏன்?

வடசென்னையில் கம்பெனியிலிருந்து ஒருவர் பெயருக்குக் கடிதம் வந்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "மெமோவா?" என்பதுதான். ஆலைகளும் சரக்கு முனையங்களும் நெருங்கி நிற்கும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதியில் மெமோ என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. முதலில் மெமோ, பிறகு சார்ஜ் ஷீட், பிறகு விசாரணை என்று அது எந்த வழியாகப் போகும் என்பது மூன்று தலைமுறையாக எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை வரும் இன்னொரு வகைக் கடிதம் இங்கே சரியாகப் படிக்கப்படுவதில்லை, சரியாக எழுதப்படுவதும் இல்லை. போன வருடம் 4 வாங்கியவருக்கு இந்த வருடம் ஏன் 3 என்று சொல்லும் கடிதம் அது. அது குற்றச்சாட்டு அல்ல, தண்டனையும் அல்ல. அது என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இலேயே ஒரு சொல்லில் சொல்லிவிட்டது: அறிவுரை.

அந்த வழக்கு உத்தரப் பிரதேச ஜல் நிகாம் எதிர் பிரபாத் சந்திர ஜெயின். மோசமான மதிப்பீடாக இருந்தால் மட்டும் ஊழியருக்குத் தெரிவித்தால் போதும், 'நன்று' என்பது மோசமில்லையே, அதை ஏன் சொல்ல வேண்டும் என்பது நிர்வாகத்தின் வாதம். உயர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஒரு வருடம் 'மிகச் சிறப்பு' என்று எழுதிவிட்டு, அடுத்த வருடம் சத்தமில்லாமல் 'திருப்தி' என்று இறக்கினால் அது பாதகம்தான் என்றது. உச்ச நீதிமன்றம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரித்தது. 'மிக நன்று' என்பதிலிருந்து 'நன்று' என்று ஒரு படி இறங்குவது சாதாரணமாகப் பாதகக் குறிப்பு ஆகாது. மதிப்பீடு இறங்கவே கூடாது என்றால் ஆண்டுதோறும் மதிப்பிடுவதற்கே பொருளில்லை. ஒருமுறை உச்சம் தொட்டவர் அந்தப் பெயரிலேயே காலம் தள்ளிவிடுவார். ஆனால் இறக்கும் அதிகாரிக்கு இரண்டு கடமைகள் உண்டு. இறக்கியதற்கான காரணத்தைக் கோப்பில் எழுத வேண்டும். மாற்றத்தை அறிவுரை வடிவில் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும். நல்ல சொல்லாகத் தெரியும் ஒரு மதிப்பீடுகூடச் சில வேளைகளில் ஆளைக் கவிழ்த்துவிடும் என்பதையும் நீதிமன்றம் அப்போதே எச்சரித்தது.

எப்படிக் கவிழ்க்கும் என்பதை தேவ் தத் வழக்கு காட்டியது. எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் அவர் நிர்வாகப் பொறியாளர். கண்காணிப்புப் பொறியாளராக உயர, ஐந்து ஆண்டு மதிப்பீடுகளும் 'மிக நன்று' ஆக இருக்க வேண்டும் என்பது வரையறை. 1993-94-க்கு மட்டும் அவருக்கு 'நன்று' என்று எழுதியிருந்தார்கள். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. பதவி உயர்வுக் குழு கூடியபோது அந்த ஒரே சொல்லால் அவர் பெயர் உதிர்ந்தது, பின்னால் வந்தவர்கள் மேலே போனார்கள். 2008 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது அவர் ஓய்வே பெற்றுவிட்டார். அந்தக் குறிப்பை இரண்டு மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவருடைய மனுவைக் கேட்க வேண்டும், மதிப்பீடு உயர்ந்தால் பின்தேதியிட்டுப் பதவி உயர்வைப் பரிசீலித்து ஓய்வூதிய வித்தியாசத்தை 8 சதவீத வட்டியுடன் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. மதிப்பீடு நல்லதோ கெட்டதோ, எல்லாவற்றையும் தெரிவித்தாக வேண்டும் என்றது. இது அரசு ஊழியருக்கு மட்டுமல்ல, சட்டபூர்வ அமைப்புகளுக்கும் பொதுத்துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்றும் சேர்த்தது. வேறு சில அமர்வுகள் வேறுவிதமாகச் சொல்லியிருந்ததால் குழப்பம் நீடித்தது. 2013 ஏப்ரல் 23 அன்று சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தேவ் தத் தீர்ப்பே சரி என்று முடித்துவைத்தது.

இந்தத் தீர்ப்புகளை வடசென்னை வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரமான கோடு தெரியும். ராஜாஜி சாலை சுங்க இல்லத்தில் இருப்பவருக்கு இந்த உரிமை உண்டு. சென்னைத் துறைமுகத்தில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில், மணலி சுத்திகரிப்பு ஆலையில் நிரந்தர அலுவலராக இருப்பவருக்கும் உண்டு. அதே துறைமுகத்தின் பெட்டியை வாங்கிவைக்கும் தனியார் கன்டெய்னர் கிடங்கில், அதே எண்ணூர் நெடுஞ்சாலையில் நிற்கும் தனியார் ஆலையில் வேலை பார்ப்பவருக்கு இந்தத் தீர்ப்புகள் நேரடியாக எதையும் தரவில்லை. அங்கே கடிதம் வருவது கம்பெனியின் வழக்கத்தைப் பொறுத்தது. ஆக, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில்தான் அந்தக் கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பது அதிக முக்கியத்துவம் பெறுகிறது.

அப்படி ஒரு கடிதத்தைப் பிரித்துப் பார்ப்போம். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான்கு ரீச் ஸ்டாக்கர்கள், அவற்றைப் பராமரிக்க ஒரு பொறியாளர். விளக்கத்துக்காக நானே அமைத்த உதாரணம் இது, எண்களும் என்னுடையவை. ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் அந்நியமாக எதுவும் இருக்காது. ரீச் ஸ்டாக்கர் என்பது நீண்ட கையால் முழுப் பெட்டியைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வண்டி. அது நின்றால் யார்டே நிற்கும். எனவே பொறியாளரின் மதிப்பீடு ஒரே எண்ணில் வந்து நிற்கிறது: நான்கு வண்டிகளும் சேர்ந்து வருடத்தில் எத்தனை மணி நேரம் பழுதாகிக் கிடந்தன? 650 மணிக்குள் என்றால் 4. 850 வரை 3. அதற்கு மேல் 2.

2022-23-இல் 600 மணி, ஆகவே 4. 2023-24-இல் 1,030 மணி. அட்டவணையை மட்டும் பார்க்கும் மேலாளர் 2 என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். கடிதம் எழுத உட்காருபவர் அப்படிப் போக முடியாது, ஏனென்றால் 'ஏன்' என்று அவர் எழுதியாக வேண்டும். கூடுதலான 430 மணி எங்கிருந்து வந்தது?

பழுதுப் பதிவேட்டைப் புரட்டினால் முதலில் கண்ணில் படுவது 2023 டிசம்பர். மிக்ஜாம் புயலில் மணலியும் எண்ணூரும் மூழ்கிக் கிடந்தன, கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் எண்ணெய் மிதந்தது. யார்டில் புகுந்த நீர் இரண்டு வண்டிகளின் மின் இணைப்புகளுக்குள் போய்விட்டது. அதற்கு 190 மணி. அடுத்து, ஒரு ஹைட்ராலிக் பம்ப்புக்கு பொறியாளர் இன்டென்ட் போட்ட தேதியும் தலைமை அலுவலகம் ஒப்புதல் தந்த தேதியும் தாளிலேயே இருக்கின்றன. அந்த இடைவெளியில் வண்டி நின்றது 100 மணி. இந்த இரண்டையும் கழித்தால் மிச்சம் 140 மணி. அதற்கு மட்டும்தான் பொறியாளரிடம் பேச இடம் இருக்கிறது.

அந்த 140 மணியும் ஹவர் மீட்டரில் தெரிகிறது. 500 மணி ஓட்டத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்று விதி. ஆகஸ்டுக்குப் பிறகு நடந்த ஒன்பது சர்வீஸ்களில் நான்கு, 100 மணிக்கு மேல் தள்ளிப்போயிருக்கின்றன. ஒன்று 690-இல் நடந்திருக்கிறது. அப்படித் தள்ளிப்போன வண்டிகளில்தான் இரண்டு தடவை ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தது, ஒரு தடவை பெட்டியைப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் பூட்டு சிக்கிக்கொண்டது. கடல் காற்று அடிக்கும் யார்டில் ஹோஸின் வெளித்தோல் வெடிப்பு விடுவதையும் பிட்டிங்கில் உப்புத் துரு ஏறுவதையும் கண்ணால் பார்த்துப் பிடிக்கும் ஒரே நேரம் சர்வீஸ். அதைத் தள்ளினால் பழுது யார்டின் நடுவில், பெட்டி அந்தரத்தில் தொங்கும்போது வரும்.

600-உடன் 140 சேர்த்தால் 740. அது 3-க்கான எல்லைக்குள் வருகிறது. 2 என்று போட்டிருந்தால் புயலுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் சேர்த்து இவர் மார்க் இழந்திருப்பார். 4-ஐ அப்படியே விட்டிருந்தால் நான்கு சர்வீஸ் தாமதம் கண்டுகொள்ளப்படாமல் போயிருக்கும். ஆக, காரணம் எழுதும் வேலை மதிப்பீட்டையே திருத்துகிறது. பல அலுவலகங்களில் முதலில் எண், பிறகு அதற்கேற்ற காரணம் என்று எழுதுவதால்தான் கடிதங்கள் வெற்றாக இருக்கின்றன. 'நீட்ஸ் இம்ப்ரூவ்மென்ட்', 'ஓனர்ஷிப் போதாது', 'எதிர்பார்ப்பை எட்டவில்லை' போன்ற சொற்களைப் பார்த்தால் அந்தக் கடிதம் அப்படி எழுதப்பட்டது என்று சந்தேகிக்கலாம். அவற்றில் எதையும் யாரும் மறுக்கவும் முடியாது, திருத்திக்கொள்ளவும் முடியாது.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. சர்வீஸ் ஏன் தள்ளிப்போனது? ஒரு சர்வீஸுக்கு வண்டியை ஆறு மணி நேரமாவது யார்டு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு கப்பல்கள் அடுத்தடுத்து வந்து, வாசலில் டிரெய்லர் வரிசை நீளும் நாளில் யார்டு இன்சார்ஜ் "நாளைக்குப் பார்த்துக்கலாம் சார்" என்பார். நான்கில் இரண்டு தாமதம் அந்த வகை. பொறியாளர் வாயால் கேட்டார், எழுத்தில் கேட்கவில்லை. எனவே அவர் பக்கத்துக் குறை, சர்வீஸ் செய்யவில்லை என்பதைவிடச் சின்னது, துல்லியமானது: இரண்டு சர்வீஸை அவரே தள்ளினார்; மற்ற இரண்டும் தடைபட்டபோது மேலே தெரிவிக்கவில்லை. இந்த அளவுக்குக் குறையைச் சுருக்கிச் சொல்ல முடிந்தால்தான் திருத்தும் வழி என்று ஒன்று எழுத முடியும்.

கடிதத்தின் நடுப்பகுதி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

"2022-23-இல் உங்கள் மதிப்பீடு 4. இவ்வருடம் 3. போன வருடத்தைவிட வண்டிகள் கூடுதலாக நின்ற 430 மணியில் வெள்ளத்தால் நின்ற 190 மணியும் பம்ப் ஒப்புதல் தாமதத்தால் நின்ற 100 மணியும் உங்கள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. சேர்க்கப்பட்டவை, ஆகஸ்டுக்குப் பின் தள்ளிப்போன நான்கு சர்வீஸ்களைத் தொடர்ந்த மூன்று பழுதுகளால் நின்ற 140 மணி. விவரம் இணைப்பில் உள்ளது. இவற்றில் இரண்டு சர்வீஸ்களுக்கு யார்டு வண்டி தரவில்லை என்பதை அறிவோம். அது அப்போதே எழுத்தில் எங்களுக்கு வந்திருந்தால் தலையிட்டிருப்போம். இந்தக் கணக்கில் பிழை இருப்பதாகக் கருதினால் 15 நாட்களுக்குள் எழுதுங்கள்."

இதில் அவருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இது வெறும் மரியாதைக்காக மட்டும் அல்ல. 1996-இல், ஜல் நிகாம் தீர்ப்பு வந்த அதே வருடம், அவ்ரஹாம் க்ளூகர், ஆஞ்சலோ டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் பின்னூட்டம் குறித்த பழைய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி ஒரு பெரிய கட்டுரை வெளியிட்டார்கள். 600-க்கும் மேற்பட்ட முடிவுகளை அலசியதில், பின்னூட்டம் சராசரியாகப் பலன் தருகிறது என்று தெரிந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான இடங்களில் அது வேலையைக் கெடுத்திருந்தது. எங்கே கெடுக்கிறது என்பதற்கு அவர்கள் தந்த விளக்கம்: பேச்சு வேலையை விட்டு ஆளை நோக்கித் திரும்பத் திரும்ப, பலன் குறைகிறது. 690 மணியில் சர்வீஸ் நடந்தது என்றால் அவர் பதிவேட்டைப் பார்ப்பார். உங்களுக்கு அக்கறை இல்லை என்றால் அவர் உங்களைப் பார்ப்பார்.

சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு. கோபத்தில் எழுதும் முதல் வரைவுகளில் 'அலட்சியம்', 'தொடர் கவனக்குறைவு' என்ற சொற்கள் தானாக வந்து விழும். மாதிரி நிலையாணைகளில் வழக்கமான கவனக்குறைவு என்பது தவறான நடத்தைப் பட்டியலில் இருக்கும் குற்றம். குற்றம் என்று சொன்னால் குற்றப்பத்திரிகை தர வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். இது எதுவும் இல்லாமல் அந்தச் சொல்லை ஓர் அறிவுரைக் கடிதத்தில் வைத்தால், விசாரணை இல்லாமலே தீர்ப்பு எழுதியதாகிவிடும். பின்னாளில் அந்த ஊழியர் நீக்கப்பட்டு வழக்கு நடந்தால் அவருடைய வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டுவது இந்தக் கடிதத்தைத்தான். வீட்டில் கேட்ட "மெமோவா?" என்ற கேள்வி அப்போது நியாயமாகிவிடும். ஜல் நிகாம் தீர்ப்பும் இதைத்தான் கோடு போட்டுக் காட்டியது: பாதகத்தின் முள் அதில் இருந்தால் அதைப் பாதகக் குறிப்பாகவே நடத்த வேண்டும்.

இனி வழி. இந்த உதாரணத்தில் அது மூன்று வரிதான். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நான்கு வண்டிகளின் ஹவர் மீட்டர் அளவும் அடுத்த சர்வீஸ் எப்போது என்பதும் யார்டுக்கும் மேலாளருக்கும் போக வேண்டும். எந்தச் சர்வீஸையும் 50 மணிக்கு மேல் தள்ளக் கூடாது. வண்டி கிடைக்காவிட்டால் அன்றே மெயில். முதல் இரண்டும் பொறியாளர் வேலை. மூன்றாவது வேலை செய்ய வேண்டுமானால், மெயில் வந்த 48 மணி நேரத்துக்குள் வண்டியை விடுவித்துத் தருவதாக மேலாளர் அதே கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் பார்த்த இத்தகைய கடிதங்களில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த வரிதான். ஊழியர் செய்ய வேண்டியவை ஏழெட்டு இருக்கும், நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்காது. அப்படி ஒருபக்கம் மட்டும் கடமை சொல்லும் தாளை ஊழியர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் தவறில்லை. வேலையை விட்டு அனுப்பக் கோப்பு தயாராகிறது என்று அவர்கள் நினைப்பார்கள், பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.

திரும்பிப் பார்க்கும் தேதிகளும் கடிதத்திலேயே இருக்க வேண்டும், செப்டம்பர் கடைசி, டிசம்பர் கடைசி என்று. அடுத்த மார்ச்சில்தான் பார்ப்போம் என்றால் அதற்குள் வண்டிகள் இரண்டாயிரம் மணிக்கு மேல் ஓடியிருக்கும்.

எல்லா இறக்கத்துக்கும் இப்படி ஒரு ஹவர் மீட்டர் கிடைக்காது. வேலையில் எந்த மாற்றமும் இல்லாமலே மதிப்பீடு இறங்குவதும் உண்டு. பொதுத்துறை நிறுவனங்களில் 2008 நவம்பரில் வந்த ஊக்க ஊதிய வழிகாட்டுதல், அலுவலர்களில் 10 சதவீதம் பேரைக் கீழ்த்தட்டில் வைத்தே ஆக வேண்டும் என்றது. மணிவடிவ வளைவு என்று அதற்குப் பெயர். 2017 வழிகாட்டுதலில் அந்தக் கட்டாயம் நீங்கியது. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் இன்னும் அது வேறு பெயர்களில் நடக்கிறது. ஒரு துறையில் பத்துப் பேரும் நன்றாக வேலை செய்தாலும் ஒருவர் 4-இலிருந்து 3-க்கு வந்தாக வேண்டும். அப்போது கடிதம் எழுதுபவர் ஒரு காரணத்தைத் தேடிப் பிடிக்கிறார், எப்போதோ தாமதமான ஓர் அறிக்கையோ கூட்டத்தில் நடந்த ஒரு வாக்குவாதமோ அதற்குப் போதும். இது பொய். உங்கள் வேலை குறையவில்லை, ஒப்பீட்டில் இடம் மாறியது என்று நேராக எழுதுவதே அங்கே சரி. கம்பெனி அப்படி எழுதக் கூச்சப்பட்டால், கூச்சப்பட வேண்டியது அந்த முறையைப் பற்றி.

மத்திய அரசு ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்திலும் காரணம் எழுதாமல் தப்பிக்க ஓர் ஓட்டை இருக்கிறது. 10-க்கு எத்தனை என்று எண் போட வேண்டும். 1 அல்லது 2 போட்டால் குறிப்பிட்ட தோல்வியையும், 9 அல்லது 10 போட்டால் குறிப்பிட்ட சாதனையையும் காட்ட வேண்டும் என்கிறது 2009 ஜூலை வழிகாட்டுதல். நடுவில் இருக்கும் எண்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் 6-லிருந்து 8-க்குக் கீழ்வரை 'மிக நன்று', 4-லிருந்து 6-க்குக் கீழ்வரை 'நன்று'. போன வருடம் 6.1, இந்த வருடம் 5.9 என்றால் இரண்டு தசமப் புள்ளியில் ஆள் ஒரு தரம் கீழே வந்துவிடுகிறார். அதிகாரி சுமார் நூறு வார்த்தையில் ஒரு பொதுச் சித்திரம் எழுதுவார்தான். போன வருடத்தோடு ஒப்பிட்டு ஏன் இறங்கியது என்று எழுதச் சொல்லும் கட்டம் படிவத்தில் இல்லை. தேவ் தத்தைக் கவிழ்த்ததும் இந்த நடுப்பகுதிதான். ஜல் நிகாம் தீர்ப்பு கேட்ட காரணத்தை நல்ல அதிகாரிகள் அந்தச் சித்திரத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். எழுதாதபோது கேட்டு வாங்க வேண்டியது ஊழியர்.

கேட்பதற்கான காலம் குறைவு. 2009 மே 14 ஆணைப்படி, மத்திய அரசு ஊழியருக்கு மதிப்பீடு முழுவதையும் தர வேண்டும். அதன்மேல் மனுக் கொடுக்க அவருக்கு 15 நாள். மனு வந்த 30 நாளுக்குள் முடிவு. மனுவில் மனவருத்தத்தை எழுதிப் பயனில்லை. போன வருடம் என்ன எண், இந்த வருடம் என்ன எண், இறக்கத்துக்கு எழுதப்பட்ட காரணம் எது, அதில் என் கையில் இல்லாதது எவ்வளவு, அதற்கான தாள் எது என்று அந்தப் பொறியாளரின் 430 மணியைப் போலப் பிரித்து எழுதினால் படிப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். கடிதம் கைக்கு வந்த தேதியை அன்றே அதன் மேல் எழுதி வையுங்கள். 15 நாள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.